பகிர்வுக் கோப்புறை: கோப்புக்கும் நிரலுக்கும் பெயர் வைக்கும் முறை

கிணற்று நீர்க் குழுவில் உள்ள எல்லோருக்கும்,

போன மாதம் தொகுப்பு அறிக்கைக்காக உங்கள் எல்லோருடைய கோப்புகளையும் ஒன்றாகச் சேர்த்தேன். திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள்தான் இருக்கின்றன. என் அட்டவணையில் 19 வந்தன. மூதூர் மட்டும் நாலு தரம்: `Mutur`, `Muttur`, `Muthur`, நாலாவது `Muttur` என்றே எழுதிக் கடைசியில் ஒரு வெற்றிடத்தைத் தட்டிவிட்டது. வெருகலை ஒருவர் ஈச்சிலம்பற்று என்று எழுதியிருந்தார். அவரிலும் பிழை இல்லை, அங்கே இரண்டு பெயரும் புழங்குகின்றன. இதையெல்லாம் திருத்த ஒரு முழு நாள் போனது. அது பரவாயில்லை.

பரவாயில்லை என்று விட முடியாதது நைத்திரேற்று விசயம். நிரலின் தலைப்பில் `nitrate` என்று மட்டும் இருந்தது. கிண்ணியாப் பக்கத்துக் கிணறு ஒன்றுக்கு 14. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம், எனவே இந்தக் கிணற்றுக்குப் பயமில்லை என்று வரைவில் எழுதிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, நம்மிடம் உள்ள இரண்டு சோதனைக் கருவிகளில் ஒன்று நைத்திரேற்றைக் காட்டுகிறது, மற்றது நைத்திரேற்றில் உள்ள நைதரசனை மட்டும் காட்டுகிறது. அந்த 14 இரண்டாவது கருவியில் எடுத்தது. நைத்திரேற்றாக மாற்றினால் 62. அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது, பால்மா கரைப்பதும் அந்தத் தண்ணீரில்தான். வரைவு வெளியே போகுமுன் பிடித்துவிட்டோம். களத்துக்குப் போன தங்கச்சி தற்செயலாகப் பக்கத்து மேசையில் இருந்ததால்தான் பிடித்தோம். பிழை அவருடையது அல்ல, தலைப்பைப் பார்த்ததும் கேட்காமல் விட்டது நான்.

ஆகவே, அளந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் கோப்பைத் திறப்பவருக்கு விளங்க வேண்டும். 2025 ஜூன் 16 திங்கட்கிழமையிலிருந்து கீழே உள்ளபடி செய்வோம்.

கோப்பின் பெயர்

```
2025-06-12_wells_kin_v01.csv
```

முதலில் திகதி, பிறகு என்ன தரவு, பிறகு பிரிவின் குறியீடு, கடைசியில் பதிப்பு. திகதி என்பது களத்துக்குப் போன நாள், கோப்பைச் சேமித்த நாள் அல்ல. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கோப்புறை தானாகவே கால வரிசையில் நிற்கும். `12-06-2025` என்று தொடங்கினால் எல்லா மாதத்துப் பன்னிரண்டாம் திகதிகளும் ஒன்றாகக் குவியும்.

எல்லாம் சிறிய ஆங்கில எழுத்து, இடைவெளி வேண்டாம். தமிழில் பெயர் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள், எனக்கும் அதுதான் விருப்பம். ஆனால் `zip` செய்து அனுப்பும்போது மறுபக்கத்தில் சில நேரம் பெயர் கேள்விக்குறிகளாகத் திறக்கிறது. உள்ளே தமிழ் தாராளமாக இருக்கட்டும், வெளிப்பெயர் மட்டும் இப்படி.

`final`, `final2`, `final_new`, `final_sir_ok` எல்லாம் இத்துடன் முடிந்தது. திருத்தினால் `v02`. அவ்வளவுதான்.

போகத்தின் பெயரில் கோப்பு வைப்பவர்களுக்கு ஒரு சொல். பெரும்போகம் இரண்டு ஆண்டுகளில் விழுவதால் `2024/25` என்று எழுதப் பழகிவிட்டோம். விண்டோஸ் கோப்புப் பெயரில் சாய்கோட்டை ஏற்காது. ஒருவர் கோடு போடுகிறார், மற்றவர் புள்ளி வைக்கிறார். இனி போகம் தொடங்கிய ஆண்டை மட்டும் எழுதுங்கள்: `2024maha`, `2025yala`.

பிரிவுக் குறியீடுகள்

மூன்றெழுத்து. இவை நம் குழுவுக்குள் மட்டும். அரசாங்கக் குறியீடு தேவைப்படும் அறிக்கைகளுக்கு நான் மாற்றித் தருவேன்.

```
tng  பட்டினமும் சூழலும்
kin  கிண்ணியா
mut  மூதூர்
kuc  குச்சவெளி
tha  தம்பலகாமம்
kan  கந்தளாய்
ser  சேருவில
ver  வெருகல்
mor  மொரவெவ
gom  கோமரங்கடவல
pad  பதவி சிறிபுர
```

பெயரையே தமிழில் எழுதினால் போதாதா என்றால், போதாது. யுனிகோட்டில் ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒன்றில் ‘ோ’ ஒரே குறி, மற்றதில் ‘ே’ வேறு, ‘ா’ வேறு. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், கணினிக்கு மட்டும் இரண்டு சொல். கோமரங்கடவல அப்படித்தான் எங்கள் அட்டவணையில் இரண்டு வரியாக வந்தது. எது வித்தியாசம் என்று நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

கிணற்று இலக்கம் `kin-0047` மாதிரி. பிரிவுக் குறியீடு, சிறு கோடு, நாலு இலக்கம். சொந்தமாகச் சுருக்கம் வைக்க வேண்டாம். மார்பிள் பீச் போகும் வழியில் உள்ள கிணறுகளுக்கு ஒருமுறை `MAR-1`, `MAR-2` என்று வைத்தோம். எக்செல் அவற்றை மார்ச் மாதத்துத் திகதிகள் என்று நினைத்து மாற்றிவிட்டது.

நிரல்கள்

நிரலின் பெயரும் வரிசையும் எல்லோருக்கும் ஒன்றே. ஒரு நிரல் உங்களுக்குத் தேவையில்லை என்றால் வெறுமையாக விடுங்கள், அழிக்க வேண்டாம்.

```
well_id,visit_date,ds_code,lat,lon,ec_us_cm,no3_mg_l,no3_flag,kit,remarks_ta
```

அளவு உள்ள நிரல்களின் பெயரிலேயே அலகு ஒட்டியிருக்கிறது. `ec_us_cm` என்பது மின் கடத்துதிறன், சென்ரிமீற்றருக்கு மைக்ரோ சீமன்சில். உப்பு ஏறிய கிணற்றில் மீற்றர் தானாகவே மில்லி சீமன்சுக்கு மாறும். திரையில் 3.2 என்று கண்டால் 3200 என்று எழுதுங்கள். ஆயிரம் மடங்கு வித்தியாசம், அதுவும் நாம் தேடிப் போவதே அந்த உவர்க் கிணறுகளைத்தான்.

`no3_mg_l` எப்போதும் நைத்திரேற்றாகவே இருக்க வேண்டும். நைதரசனைக் காட்டும் கருவி என்றால் இப்படி மாற்றி எழுதுங்கள்:

```
no3_mg_l = no3_n × 4.43
```

`kit` நிரலில் எந்தக் கருவி என்று `a` அல்லது `b`. கருவிப் பெட்டிகளில் ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கிறேன், `b`தான் பெருக்க வேண்டியது. மாற்றினேனா இல்லையா என்று சந்தேகம் வந்தால் `remarks_ta`வில் தமிழில் எழுதிவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். பேசாமல் ஒரு எண்ணைப் போடாதீர்கள்.

அளக்கவில்லை என்றால் வெறுமை. அளந்து பூச்சியம் வந்தால் 0. இந்த இரண்டையும் கலக்கக் கூடாது. மழையில் கருவி நனைந்து அளக்க முடியாமல் போன நாள்களுக்கு ஒருவர் 0 போட்டிருந்தார். வாடைக் காலத்தில் தண்ணீர் திடீரென்று தூய்மையாகிவிட்டதாக வரைபடம் காட்டியது. கோடு, `NA`, ‘இல்லை’ எதுவும் வேண்டாம். கருவியின் மிகக் குறைந்த அளவுக்கும் கீழே வந்தால் அந்தக் குறைந்த அளவை எண்ணாக எழுதி `no3_flag` நிரலில் `lt` என்று போடுங்கள். எண் நிரலுக்குள் `<1` என்று எழுதினால் அந்த நிரல் முழுவதும் எழுத்தாக மாறி, கூட்டலும் வராது சராசரியும் வராது.

`lat`, `lon` தசமத்தில். நம் மாவட்டத்தில் `lat` பெரும்பாலும் 8 இல் தொடங்கும், `lon` 80 அல்லது 81. மாறிப் போட்டால் கிணறு வடதுருவக் கடலில் போய் நிற்கும். போன தடவை மூன்று கிணறுகள் நின்றன.

நிறம் பூசுவது, கட்டங்களை ஒன்றாக இணைப்பது, மேலே பெரிய தலைப்புப் போடுவது எல்லாம் உங்கள் சொந்த எக்செல் கோப்பில் செய்யலாம். `csv`க்குள் மஞ்சள் நிறம் போகாது. ‘மஞ்சள் பூசியவை திரும்ப அளக்க வேண்டியவை’ என்று எனக்குச் சொல்லி அனுப்பினால், என்னிடம் மஞ்சளே இருக்காது.

எக்செல்லும் தமிழும்

`csv` கோப்பை இரட்டைக் கிளிக்கில் திறக்காதீர்கள். எக்செல் திகதியைத் தன் விருப்பத்துக்கு மாற்றும், தொலைபேசி எண்ணின் முதல் பூச்சியத்தை விழுங்கும். `Data > From Text/CSV` வழியாகப் போய் `65001: Unicode (UTF-8)` என்பதைத் தெரிவுசெய்து, `well_id`யையும் திகதியையும் `Text` ஆக எடுங்கள். சேமிக்கும்போது `CSV UTF-8 (Comma delimited)`. அதற்குப் பக்கத்தில் வெறும் `CSV` என்றும் ஒன்று இருக்கும். அதைத் தெரிவுசெய்தால் தமிழ்க் குறிப்பெல்லாம் கேள்விக்குறியாகும்.

பாமினியில் தட்டச்சுச் செய்பவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறீர்கள். கை பழகியது, விளங்குகிறது. ஆனால் பாமினியில் திருகோணமலை என்று அடித்தால் கோப்பில் உண்மையில் இருப்பது `jpUNfhzkiy`. எழுத்துரு இல்லாத இடத்தில் அப்படித்தான் தெரியும், தேடினாலும் அகப்படாது. இன்னொன்று, பாமினியில் ‘இ’ என்பது கமா. நம் பழைய வரைபட மென்பொருள் கமா கண்ட இடத்தில் எல்லாம் நிரலைப் பிரிக்கும். குறிப்பில் ‘இறைத்த கிணறு’ என்று எழுதியவுடன் அந்த வரியே இடம்பெயர்ந்துவிடும். யுனிகோட் விசைப்பலகையிலும் பாமினி விசை அமைப்பையே வைத்துக்கொள்ளலாம், கையை மாற்றத் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தால் அவரவர் கணினியில் போட்டுத் தருகிறேன்.

எங்கே வைப்பது

களத்திலிருந்து வந்த கோப்பு `01_raw`வுக்குள். அங்கே போனபின் யாரும் அதைத் தொடக் கூடாது, நானும்தான். பிழை கண்டால் ஒரு பிரதியை `02_clean`இல் திருத்துங்கள். வெளியே அனுப்புவது `03_export`இலிருந்து மட்டும்.

வீட்டுக்காரரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இந்த மூன்றும் பகிர்வுக் கோப்புறைக்கே வர வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு காரணம். நம்மை நம்பித் தண்ணீர் அள்ளித் தந்த வீடுகள் என்பது அதைவிடப் பெரிய காரணம். அந்த விபரங்கள் கடவுச்சொல் போட்ட தனிக் கோப்பில் இருக்கின்றன, `well_id`யைக் கொண்டு இணைத்துக்கொள்வோம். புதிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களை எக்செல் `1.98542E+11` என்று சுருக்கிக் காட்டும் என்பதையும், அப்படியே `csv` ஆக்கினால் அந்த இலக்கம் திரும்பி வராது என்பதையும் அந்தக் கோப்பைக் கையாளும் இருவரும் கவனத்தில் எடுங்கள்.

பழைய கோப்புகளை யாரும் பெயர் மாற்ற வேண்டாம். ஜனவரியிலிருந்து உள்ளவற்றை நான் மாற்றுகிறேன், அதற்கு முந்தியவை `99_old`க்குள் அப்படியே கிடக்கும். பழைய `nitrate` நிரல் உள்ள கோப்புகளில் எந்தக் கருவியால் அளந்தது என்று நினைவிருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். களக் கொப்பியில் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாலும் போதும். நினைவில்லாத கிணறுகளின் பட்டியலை அடுத்த களப் பயணத்தில் சேர்த்திருக்கிறேன், அவற்றைத் திரும்ப அளப்போம். கிண்ணியாக் கிணறுதான் முதலில்.

— தரவுப் பகுதி, திருகோணமலை அலுவலகம்