ஒரே ஒரு ரன்: ஐபிஎல் இறுதிப் போட்டியில் மும்பையிடம் தோற்ற சென்னை சூப்பர் கிங்ஸின் ரசிகர் மன்ற மீம்கள், 2019 மே 12 இரவு முதல் மே 13 மாலை வரை

படம்: தோனி ரன் அவுட், டிவி உறைந்து நிற்கிறது.
முதல் கோணம்: அவுட் போலத்தான் இருக்கிறது.
இரண்டாவது கோணம்: உள்ளே வந்துவிட்டார் போலத்தான் இருக்கிறது.
மூன்றாவது கோணம், எங்கள் வீட்டுச் சோபாவிலிருந்து: நாட் அவுட். மேல்முறையீடு கிடையாது.

படம்: ஸ்கோர்கார்டு. மும்பை 149, சென்னை 148. ராயுடு 1.
இன்னொரு ராயுடு இருந்திருந்தால் ஆட்டம் டை ஆகியிருக்கும்.

படம்: மலிங்கா கையில் பந்து, ஆறு பந்தில் ஒன்பது ரன் தேவை.
16ஆவது ஓவரில் 20 ரன் கொடுத்தவரிடமே கடைசி ஓவரையும் கொடுத்தார் ரோகித். ஊரே சிரித்தது.
ஆறாவது பந்துக்குப் பிறகு சிரித்தவர்: மலிங்கா.

படம்: மருத்துவர் சீட்டு.
நோயாளி: சென்னை. இந்த ஆண்டு மும்பை உட்கொண்டது நான்கு முறை, நான்கு முறையும் ஒவ்வாமை. முந்தைய தாக்குதல்கள்: 2013, 2015 இறுதிப் போட்டிகள். 2010இல் மட்டும் ஒத்துக்கொண்டதாக நோயாளி திரும்பத் திரும்பச் சொல்கிறார், உறவினர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

படம்: கறுப்புக் கரை போட்ட சுவரொட்டி, மாலையுடன் ஒரு கோப்பை.
கண்ணீர் அஞ்சலி
எங்கள் குலவிளக்கு, நான்காவது கோப்பை
தோற்றம்: குருணால் வீசிய 18ஆவது ஓவர், 20 ரன்
மறைவு: 20ஆவது ஓவர், கடைசிப் பந்து, ஷர்துல் எல்பிடபிள்யூ
இறுதி ஊர்வலம் ஐதராபாத்திலிருந்து மும்பை நோக்கிப் புறப்பட்டது.
துயரத்தில் வாடும்: திங்கட்கிழமை காலை அலுவலகம் போக வேண்டிய அனைவரும்.

படம்: பஸ் கண்டக்டரும் மஞ்சள் சட்டைக்காரரும்.
"ஒரு ரூபாய் குறைகிறதே, தம்பி."
"தெரியும் அண்ணா. நேற்று இரவிலிருந்து அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்."

படம்: இடப்பக்கம், ஞாயிறு இரவு சோபாவில் ஒருவர். "வாட்சன் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடியிருக்கலாம்."
வலப்பக்கம், திங்கட்கிழமை. முழங்காலில் ரத்தம் ஊறிய மஞ்சள் பேன்ட். ஆறு தையல் என்கிறார் ஹர்பஜன். அந்தக் காலோடுதான் 59 பந்தில் 80 ரன்.
கீழே சிறிய எழுத்தில்: சோபாக்காரர், விரலைக் காகிதம் கீறியதற்கு அரை நாள் விடுப்பு எடுத்தவர்.

(இதற்குப் பிறகு யாரையும் திட்டி மீம் வரவில்லை. நடுவரைத் தவிர.)

படம்: துணி மூட்டையோடு அம்மா.
"இந்த மஞ்சள் சட்டையைக் கரித்துணியாக்கிவிடட்டுமா?"
"கை வைக்காதீர்கள் அம்மா. அடுத்த வருடம் கோப்பை நமக்குத்தான்."
"இதைத்தானே 2013லும் சொன்னாய்?"
"2018இல் வந்ததா இல்லையா?"

படம்: பழனி மலைப் படிக்கட்டு, கைகூப்பிய ரசிகர்.
"முருகா, அடுத்த வருடம் கோப்பை வந்தால் மொட்டை போடுகிறேன்."
"2018க்குப் போடுவதாகச் சொன்ன மொட்டை எங்கே? அதற்குத்தான் ஒரு ரன்னைப் பிடித்து வைத்திருக்கிறேன்."