ஏழாம் வகுப்பு 'அ' பிரிவு: விரைந்து கற்போருக்கான கணித விரிவுப் பணித் திட்டம் (இரண்டாம் பருவம்)

தலைமையாசிரியர் அவர்களின் பார்வைக்கு. ஆறு, எட்டாம் வகுப்புகளின் கணித ஆசிரியர்களுக்கு நகல்.

வகுப்பின் நிலை

மொத்தம் 36 பேர். ஒன்பது பேருக்குக் கடன் வாங்கிக் கழிப்பதிலேயே இன்னும் தடுமாற்றம் இருக்கிறது. இருபது பேர் பாடநூலின் வேகத்தோடு வருகிறார்கள். மீதி ஏழு பேர் நான் கரும்பலகையில் இரண்டாவது எடுத்துக்காட்டை எழுதி முடிப்பதற்குள் பயிற்சியில் பாதியை முடித்துவிட்டு ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இத்திட்டம் அந்த ஏழு பேரை மனத்தில் வைத்து எழுதியது. கூடுதல் ஆசிரியரோ, தனி அறையோ, பள்ளி நேரத்துக்கு வெளியே வகுப்போ கேட்கவில்லை. வாரத்தின் ஏழு பாடவேளைகளுக்குள்ளேயே இதை நடத்த முடியும்.

சென்ற ஆண்டு நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் முடித்தவர்களுக்கு அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்குகள் கொடுத்தேன். மூன்றாம் வாரம் ஒரு மாணவன் வேண்டுமென்றே மெதுவாக எழுதத் தொடங்கினான். கேட்டதற்கு, "முடித்தால் மறுபடியும் தருவீர்களே, சார்" என்றான். அவன் சொன்னது சரிதான். வேகமாக வேலை செய்ததற்கு நான் தண்டனை கொடுத்திருக்கிறேன். ஆகவே இம்முறை விரிவுப் பணி வழக்கமான பயிற்சிக்கு மேல் ஏற்றப்படாது, அதற்குப் பதிலாகவே வரும்.

யார் எடுக்கலாம்

நிரந்தரப் பட்டியல் கிடையாது. ஒவ்வொரு பாடத்தின் பயிற்சிக்கும் முன்னால், அதிலுள்ள மிகக் கடினமான ஐந்து கணக்குகளைக் கரும்பலகையில் குறித்துவிடுவேன். விரும்பும் எவரும் அவற்றை முதலில் போட்டுப் பார்க்கலாம். நான்கு சரியாக இருந்தால் அந்தப் பயிற்சியின் மீதிக் கணக்குகளை விட்டுவிட்டுப் பெட்டியிலிருந்து ஓர் அட்டை எடுக்கலாம். இல்லாவிட்டால் வழக்கமான பயிற்சி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அடுத்த பாடத்தில் வாசல் மறுபடியும் திறக்கும்.

மதிப்பெண்ணை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் வரிசை எண் 22 விடுபட்டுப் போவாள். முதல் பருவத்தில் அவள் சராசரிதான், கையெழுத்தும் கிறுக்கல். ஆனால் எதிர் எண்ணை எதிர் எண்ணால் பெருக்கினால் ஏன் நேர் எண் வருகிறது என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். விதியைச் சொன்னேன். "அது விதி, காரணம் என்ன?" என்று மறுபடி கேட்டாள். இப்படிப்பட்டவர்களுக்கு நான் நேரடியாகவும் அட்டை கொடுப்பேன்.

பெட்டியும் அட்டைகளும்

பழைய காலணிப் பெட்டி ஒன்று, திருமண அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கத்தில் எழுதிய பதினான்கு அட்டைகள். ஒவ்வொன்றுடனும் மூன்று துப்புகள் மடித்து வைத்த ஓர் உறை. மாட்டிக்கொண்டவர் முதலில் பக்கத்திலிருப்பவரைக் கேட்க வேண்டும், பிறகு ஒரு துப்பைப் பிரிக்கலாம், அதற்குப் பிறகுதான் என்னிடம் வர வேண்டும். உறை இல்லையென்றால் இத்திட்டம் ஒரு வாரம்கூடத் தாங்காது. ஏழு பேரும் என் மேசையைச் சுற்றி நிற்பார்கள், ஒன்பது பேர் கைவிடப்படுவார்கள்.

மூன்று அட்டைகளை இங்கே தருகிறேன்.

*அடுக்குகள்.* ஒன்றாம் இலக்கம் காண்பதைப் பாடநூல் கற்றுத்தருகிறது. அட்டை கேட்பது கடைசி இரண்டு இலக்கங்களை. 7-இன் அடுக்குகளை எழுதினால் 07, 49, 43, 01 என்று வந்து நான்கே அடியில் திரும்பிவிடும். அடுத்து 2-ஐ எடுக்கச் சொல்வேன். 02, 04, 08, 16 என்று நீண்டு 22-ஆம் அடுக்கில்தான் மறுபடி 04 வரும். 02 மட்டும் திரும்பி வருவதே இல்லை. ஏன்? ஆறாம் வகுப்பில் படித்த 4-ஆல் வகுபடும் தன்மையில் விடை இருக்கிறது. மூன்றாவது துப்பில் அதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

*கோலம்.* ஏழு புள்ளி, நேர்ப்புள்ளி, ஒன்று வரை: 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் 25. இதை 16 + 9 என்று இரண்டு வர்க்கங்களாகப் பிரித்து, புள்ளிகளுக்கு இரண்டு நிறம் தீட்டிக் காட்ட வேண்டும். பிறகு ஏழு புள்ளி, இடைப்புள்ளி, நான்கு வரை: 4, 5, 6, 7, 6, 5, 4. மொத்தம் 37. இதே வகையில் சிறியவை 1, 7, 19. நான்கையும் கூட்டினால் 64, அதாவது 4-இன் கனம். அடுத்த கோலத்தில் எத்தனை புள்ளி என்பதைப் போடாமலே சொல்ல முடியுமா? இந்த அட்டைக்கு வீட்டில் பாட்டியிடமோ அம்மாவிடமோ உதவி கேட்கலாம். கேட்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

*வட்டம்.* பூமியின் நடுக்கோட்டைச் சுற்றி ஒரு கயிறு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதோடு ஒரு மீட்டர் சேர்த்தால், கயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரும்? ஊகத்தை முதலில் எழுதி மடித்து வைக்க வேண்டும். விடை ஏறத்தாழ 16 சென்டிமீட்டர். கால்பந்தைச் சுற்றிய கயிற்றுக்கும் அதே 16 வருவதைக் கண்டதும் நம்ப மறுப்பார்கள். நம்ப மறுத்துச் சண்டை போடட்டும் என்பதற்காகத்தான் இந்த அட்டை.

என் நேரம்

செவ்வாயும் வியாழனும் பயிற்சிக்கான பாடவேளைகள். 40 நிமிடங்களில் முதல் 20 அந்த ஒன்பது பேருடன் தரையில் உட்கார்ந்து, மணிச்சட்டத்தோடு. அடுத்த 10 வகுப்பைச் சுற்றி வருவதற்கு. அட்டை எடுத்தவர்களுக்கு 5 நிமிடம். மீதி வருகைப் பதிவுக்கும் இரைச்சலுக்கும் போய்விடும். வெள்ளிக்கிழமை கடைசி எட்டு நிமிடம் ஒருவர் தன் அட்டையைக் கரும்பலகையில் வகுப்பு முழுவதற்கும் விளக்குவார். கண்டுபிடித்ததை ஏழு பேர் மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது.

விரைந்து கற்போரை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரவைக்கும் வழக்கம் நம் பள்ளியில் உண்டு. எப்போதாவது என்றால் நல்லது. அதையே முழுநேர வேலையாக்கினால் அவர்கள் படிப்பது நின்றுவிடும். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் இல்லை, அதுவும் இருவரும் விரும்பினால்.

மதிப்பீடு

அட்டைப் பணிக்கு மதிப்பெண் கிடையாது. தனி நோட்டில் தோற்ற வழிகளையும் அடிக்காமல் எழுத வேண்டும். ஒரு வரி குறிப்பு நான் எழுதுவேன். மதிப்பெண் வைத்தால் சுலபமான அட்டையைத் தேடத் தொடங்குவார்கள்.

பெற்றோர் சிலர் இதைத் தேசிய வருவாய் வழி மற்றும் தகுதித் தேர்வுக்கான பயிற்சி என்று நினைக்கக்கூடும். எட்டாம் வகுப்பில் எழுதும் அந்தத் தேர்வில் வென்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது, கேட்பது நியாயம்தான். அதற்கான பயிற்சி தனியே நடக்கும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை நானே விளக்கிவிடுகிறேன்.

தேவை

கோலத்துக்குப் புள்ளித்தாள் 50, வண்ணப் பென்சில் இரண்டு பெட்டி, பின்சுவரில் ஒரு மூலை. ஐந்தாம் வார முடிவில் நோட்டுகளைத் தங்களிடம் கொண்டுவருகிறேன். அதற்குள் ஒன்பது பேரில் ஒருவராவது பின்தங்கியது தெரிந்தால் வியாழன் அட்டையை நிறுத்திவிட்டு அந்த நேரத்தையும் அவர்களுக்கே கொடுத்துவிடுவேன்.

கணித ஆசிரியர், ஏழாம் வகுப்பு 'அ' பிரிவு