பிள்ளை ஆடிய நகர்வு சரியா? இலவசக் கருவிகளில் பார்க்க விரும்பும் பெற்றோருக்கான கேள்வி பதில்

செஸ் வகுப்புக்கு 9 வயது மகளை அனுப்பும் ஓர் அப்பா கேட்ட கேள்விகள் இவை. அவருக்குக் காய்கள் நகரும் விதம் தெரியும், அதற்கு மேல் ஆடிப் பழக்கமில்லை. பயிற்சியாளர் பதில் சொல்லியிருக்கிறார்.

சார், போட்டியில் என் பெண் ஒரு சிப்பாயை வெட்டினாள். தோற்றுவிட்டாள். "இலவசமாகக் கிடைத்த சிப்பாய், அதை எடுத்தது எப்படித் தப்பாகும்?" என்று கேட்கிறாள். எனக்கும் பதில் தெரியவில்லை. எங்கே போய்ப் பார்ப்பது?

lichess.org/analysis என்ற பக்கத்தைத் திறங்கள். கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, பணமும் இல்லை. பலகை வரும். அவள் எழுதிய ஸ்கோர்ஷீட்டைப் பார்த்து இரு பக்க நகர்வுகளையும் வரிசையாக ஆடுங்கள். நல்ல நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் நிரலுக்கு எஞ்சின் என்று பெயர், அதன் பொத்தானை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய ஆட்டம் இதுதான். அவள் வெள்ளை:

```
1. e4 e5 2. Nf3 Nc6 3. Bc4 Nd4 4. Nxe5 Qg5
5. Nxf7 Qxg2 6. Rf1 Qxe4+ 7. Be2 Nf3#
```

இதை அப்படியே நகலெடுத்து, பலகைக்குக் கீழே PGN என்று இருக்கும் பெட்டியில் ஒட்டினாலும் போதும். ஒவ்வொரு நகர்வாக ஆட வேண்டாம்.

ஸ்கோர்ஷீட்டில் பாதி புரியவில்லை. நடுவில் ஒரு நகர்வைப் பலகை ஏற்க மறுக்கிறது.

இது எல்லாக் குழந்தைகளுக்கும் நடப்பது. பெரும்பாலும் இரண்டு குதிரைகளில் எது நகர்ந்தது என்று எழுத மறந்திருப்பாள், அல்லது b-யும் d-யும் இடம் மாறியிருக்கும். மறுக்கும் இடத்துக்கு ஒன்றிரண்டு நகர்வு முன்னால் போய்த் தேடுங்கள், பிழை அங்கேதான் இருக்கும். ஒன்றும் சரிவரவில்லை என்றால் அவளையே கூப்பிட்டு, "இந்த நேரத்தில் காய்கள் எங்கெங்கே இருந்தன?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் நிலையை lichess.org/editor பக்கத்தில் அடுக்கலாம். அடுக்கும்போது யாருடைய முறை என்பதைச் சரியாகக் குறியுங்கள். அது மாறினால் வரும் பதில் முழுக்கத் தப்பாக இருக்கும்.

சரி, எஞ்சினை ஏன் உடனே போடக் கூடாது?

போட்டவுடன் அது பதிலைச் சொல்லிவிடும், அப்புறம் குழந்தை யோசிக்க மாட்டாள். எஞ்சின் என்ன ஆட வேண்டும் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. உங்கள் பெண்ணுக்குத் தேவை அந்த "ஏன்".

அதனால் முதலில் அவளிடம் இரண்டே கேள்விகள். "இங்கே நீ என்ன நினைத்தாய்?" "எதிராளி என்ன ஆடுவான் என்று எதிர்பார்த்தாய்?" 4. Nxe5 ஆடியதற்கு அவளிடம் நல்ல காரணமே இருக்கும்: e5 சிப்பாயைக் காக்க யாருமில்லை, அதைக் காத்த குதிரைதான் d4-க்கு வந்துவிட்டது. இது சரியான கவனிப்பு. முதலில் அதைப் பாராட்டிவிட்டு இரண்டாவது கேள்விக்குப் போங்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அப்படியானால் அந்த நகர்வில் என்னதான் தப்பு?

கறுப்பு 4... Qg5 ஆடுகிறது. அந்த ராணி ஒரே நேரத்தில் இரண்டைத் தாக்குகிறது: e5-இல் இருக்கும் குதிரை, g2-இல் இருக்கும் சிப்பாய். g2 போனால் அதன் பின்னால் மூலையில் இருக்கும் யானைக்கும் ஆபத்து. இலவசம் என்று நினைத்த சிப்பாய்க்கு விலை இருந்திருக்கிறது.

ஆனால் ஆட்டம் முழுதாகக் கைவிட்டுப் போனது அந்த நகர்வில் இல்லை, அடுத்ததில். 5. Nxf7 ஆடியபோது அவளுக்கு உற்சாகம் தாங்கியிருக்காது. அந்தக் குதிரை கறுப்பு ராணியையும் h8 யானையையும் சேர்த்துத் தாக்குகிறது, ஃபோர்க்! கறுப்பு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தாக்கப்பட்ட ராணியாலேயே g2-ஐ வெட்டியது, பிறகு e4-இல் செக். 7. Be2 வைத்ததும் அந்த பிஷப் நகர முடியாமல் மாட்டிக்கொண்டது, ராஜாவுக்குப் போக இடமில்லை, குதிரை f3-க்கு வந்து மேட். ராஜாவைச் சுற்றி அவளுடைய காய்களே அடைத்துக்கொண்டிருந்தன.

இந்தப் பொறி பழையது, செஸ் உலகில் பெயர் பெற்றது. 9 வயதுப் பிள்ளை இதில் விழுந்ததற்குக் கவலைப்பட ஒன்றுமில்லை.

இப்போது எஞ்சினைப் போடுங்கள். 4-ஆவது நகர்வுக்கு முன் நிற்கும் நிலையில் வெள்ளைக்கு லேசான சாதகம் காட்டும். 4. Nxd4 என்று அந்தக் குதிரையை வெட்டிவிடலாம், காஸ்லிங் செய்யலாம், c3 என்று சிப்பாயை வைத்துக் குதிரையை விரட்டலாம். மூன்றும் நல்லவையே. 4. Nxe5-க்குப் பிறகு எண் கறுப்புப் பக்கம் சாயும், 5. Nxf7-க்குப் பிறகு தலைகீழாகப் போய்விடும். 5-ஆவது நகர்வில் எஞ்சின் காட்டும் 5. Bxf7+ வெள்ளைக்குச் சண்டை போட வழி கொடுக்கிறது: முதலில் செக், ராஜா நகர வேண்டும், அதற்குள் ஒரு நகர்வு லாபம். "தாக்குவதற்கு முன் செக் இருக்கிறதா என்று பார்" என்ற பாடத்தை அவள் சொந்த ஆட்டத்திலிருந்தே எடுத்துக்காட்டலாம்.

அந்த எண்ணை எப்படிப் படிப்பது? +0.7, -2.1 என்றெல்லாம் வருகிறது.

+ என்றால் வெள்ளைக்குச் சாதகம், - என்றால் கறுப்புக்கு. அவள் கறுப்பில் ஆடினால் -2.1 நல்ல செய்தி, அதை மறந்து திட்டிவிடாதீர்கள். 1 என்பது ஏறக்குறைய ஒரு சிப்பாய் அளவு சாதகம். எண்ணுக்குப் பதில் #3 என்று வந்தால் மூன்று நகர்வில் மேட்.

எண்ணைத் தனியாகப் பார்க்காதீர்கள், எவ்வளவு விழுந்தது என்று பாருங்கள். அதிலும் எங்கிருந்து விழுந்தது என்பது முக்கியம். +12 ஆக இருந்தது +9 ஆனால் ஆட்டம் இன்னும் அவள் கையில்தான். 0 ஆக இருந்தது -3 ஆனால் ஒரு குதிரையோ பிஷப்போ போயிருக்கலாம். இரண்டிலும் வித்தியாசம் 3 தான். 0.2, 0.3 வித்தியாசமெல்லாம் கிராண்ட்மாஸ்டர்களின் கவலை. உங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் நகர்வு மாறுகிறது. எதை நம்புவது?

கொஞ்சம் பொறுங்கள். லிசெஸில் ஓடுவது ஸ்டாக்ஃபிஷ், 2008 முதல் கிடைக்கும் இலவச எஞ்சின். அது உங்கள் கணினியின் அல்லது போனின் பலத்தில்தான் ஓடுகிறது. Depth என்று ஓர் எண் ஏறும். அது எத்தனை நகர்வு ஆழத்துக்குத் தேடியிருக்கிறது என்பதன் அளவு. 20-ஐத் தாண்டட்டும், பிறகு படியுங்கள். பழைய போனில் நேரமாகும், சூடும் ஆகும்.

அமைப்புகளில் ஒன்றுக்குப் பதில் மூன்று வரிகள் காட்டச் சொல்லுங்கள். முதல் மூன்றும் ஏறக்குறைய ஒரே எண் என்றால், அவள் மூன்றாவதை ஆடியிருந்தாலும் தப்பில்லை. முதல் வரி +1, இரண்டாவது -4 என்றால் அங்கே ஒரே வழிதான் இருந்தது, அதைக் காணாததில் வெட்கமும் இல்லை.

அந்த நகர்வு ஏன் தப்பு என்று எஞ்சின் சொல்லாது என்றீர்கள். ஏதாவது வழி உண்டா?

உண்டு. அவள் ஆடிய நகர்வைப் பலகையில் வைத்துவிட்டு, எதிராளிக்கு எஞ்சின் காட்டும் முதல் பதிலைப் பாருங்கள். 4. Nxe5-க்குப் பிறகு அது Qg5 என்று காட்டும். "ஏன்" அங்கேயே இருக்கிறது. இன்னொன்று: விசைப்பலகையில் x அழுத்தினால், எதிராளிக்கு இப்போது முறை கிடைத்தால் என்ன செய்வான் என்று அம்புக்குறி காட்டும். மிரட்டலைப் பார்க்கப் பழக்குவதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பொத்தான் இல்லை.

அவளே கற்க வேண்டும் என்றால், கணக்கு ஒன்றில் உள்நுழைந்து ஆட்டத்தைச் சேமித்து, Request a computer analysis கொடுங்கள். முடிந்ததும் Learn from your mistakes என்று வரும். அது பிழை நடந்த நிலையில் நிறுத்தி, வேறு நல்ல நகர்வைக் கண்டுபிடி என்று கேட்கும். விடையை முதலில் காட்டாது.

வேறு செயலியில் "துல்லியம் 62 சதவீதம்" என்று வந்தது. அழுதுவிட்டாள்.

அந்த எண்ணை மறைத்துவிடுங்கள். எதிராளி சீக்கிரமே ராணியைக் கொடுத்துவிட்டால் யார் ஆடினாலும் 95 வரும். சிக்கலான ஆட்டத்தில் நன்றாகப் போராடியவளுக்கு 60 வரும். ஒரே ஆட்டத்தின் சதவீதத்தை வைத்து முன்னேற்றத்தை அளக்க முடியாது. Chess.com-இல் இலவசக் கணக்குக்கு Game Review வரம்போடுதான் கிடைக்கும். அதற்காகச் சந்தா கட்டத் தேவையில்லை.

கடைசிக் கட்டத்தில் ராஜாவும் ஒன்றிரண்டு சிப்பாய்களும் மட்டும் இருந்தால்?

பலகையில் ராஜாக்களையும் சேர்த்து 7 காய்களோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், லிசெஸின் ஓபனிங் எக்ஸ்ப்ளோரர் பெட்டி டேபிள்பேஸாக மாறும். அது மதிப்பீடு அல்ல, கணக்கிட்டு முடித்த விடை: வெற்றி, தோல்வி, டிரா.

எஞ்சின் ஒன்று சொல்கிறது, நீங்கள் வேறு சொல்கிறீர்கள். யாரைக் கேட்பது?

பலகையில் எது வலிமை என்பதில் எஞ்சினை. அதோடு யாரும் வாதாட முடியாது. எதைக் கற்க வேண்டும் என்பதில் என்னை, அல்லது உங்கள் பெண்ணுக்குச் சொல்லித்தருபவர் யாரோ அவரை. எஞ்சின் ஒரு சிப்பாயை வெட்டச் சொல்லும், பதினைந்து நகர்வு சரியாகத் தற்காத்தால் அது தாங்கும் என்பதால். அந்தப் பதினைந்தையும் அவளால் காண முடியாதபோது, காய்களை வெளியே கொண்டுவந்து ராஜாவைப் பத்திரப்படுத்து என்றுதான் நான் சொல்வேன்.

ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் செலவழிப்பது?

இரண்டு அல்லது மூன்று நிலைகள் போதும். எண் அதிகமாகச் சரிந்த இடங்களை மட்டும் எடுங்கள். தோற்ற அன்றே வேண்டாம், சாப்பிட்டுத் தூங்கி எழட்டும்.

அவளே தனியாகப் பயன்படுத்தலாமா?

முடிந்த ஆட்டத்துக்கு, தாராளமாக. நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தில், எதிராளி யாராக இருந்தாலும், நாள் கணக்கில் நீளும் ஆன்லைன் ஆட்டமாக இருந்தாலும், எஞ்சினைத் திறப்பது ஏமாற்று. தளங்கள் அதைக் கண்டுபிடித்துக் கணக்கை முடக்கும். இதை நீங்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவள் ஆடும்போது பின்னால் நின்றுகொண்டு உங்கள் போனில் அதே நிலையை அடுக்கிப் பார்ப்பதும் வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்த்தே அவள் விடையைக் கண்டுபிடித்துவிடுவாள்.