4-5-2025, ஞாயிறு, இரவு 10.20

வேலூரிலிருந்து வீடு வந்து சேர எட்டரை ஆகிவிட்டது. "எப்படி எழுதின?" என்று அம்மா இன்னும் கேட்கவில்லை. ரசம் சோறு போட்டுவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து என் தோட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மத்தியானம் கேட்டுக்கு வெளியே கழற்றிக் கொடுத்தது. ஒரு திருகாணியைக் காணோம். அதைத் தேடுகிற சாக்கில் ரெண்டு பேரும் முகத்தைப் பார்க்காமல் குனிந்தே இருந்தோம்.

நீட் பிசிக்ஸ் இப்படி இருக்கும் என்று நினைக்கவே இல்லை. ஒவ்வொன்றும் அரைப் பக்கக் கணக்கு. 45ல் 17தான் போட்டேன், அதிலும் நாலைந்து குருட்டாம்போக்கு.

ஆனால் அழுகை அதற்கு வரவில்லை. முதலில் பயாலஜி 90, பிறகு கெமிஸ்ட்ரி, கடைசியில் பிசிக்ஸ் என்று மூன்று மாதமாகப் பழகியிருந்தேன். தாளைத் திறந்ததும் முதல் பக்கத்தில் பிசிக்ஸ். தெரிந்த மாதிரி இருந்தது, ஒன்றே ஒன்று போட்டுப் பார்க்கலாம் என்று இறங்கினேன். விடை எந்த ஆப்ஷனிலும் இல்லை. வீம்பு. தலை நிமிர்ந்தால் 2.40. போன வருஷத் தாளைப் போட்டுப் பார்த்தபோது 200 நிமிஷம், இந்த வருஷம் 180தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

கடைசியில் பயாலஜியில் 11 கேள்வி வெள்ளையாகவே போய்விட்டது. கண்ணமங்கலம் தாண்டும்போது பஸ்ஸில் படித்துப் பார்த்தேன். அதில் 6 எனக்கு மனப்பாடம். 24 மார்க்.

அப்பா திருப்பூரிலிருந்து பேசினார். "எல்லாருக்குமே கஷ்டமாம்மா, டிவில சொன்னாங்க. கட் ஆஃப் இறங்கிடும்." ஆமாப்பா என்றேன். பிசிக்ஸுக்கு அது சரி. அந்த 24க்கு?

ஒன்று சொல்ல வேண்டும், இங்கே மட்டும். 5 மணிக்கு பெல் அடித்ததும் நிம்மதியாகவும் இருந்தது. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இன்றைக்கு ஆன்சர் கீ பார்க்கப் போவதில்லை. குரூப்பில் 140 மெசேஜ், மியூட் பண்ணிவிட்டேன். நாளைக்கு பிசிக்ஸ் சாரிடம் இந்தத் தாளைக் காட்டி அந்த முதல் கணக்கை மட்டும் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். 9ஆம் தேதி பிளஸ் டூ ரிசல்ட். கால்நடை மருத்துவத்துக்கு இங்கே பிளஸ் டூ மார்க்தான், 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. அப்ளிகேஷன் வந்ததும் போட்டுவிட வேண்டும். போன மாசம் நம் செவலை கன்று போட்டபோது டாக்டர் வர நேரமாகி, நானும் அம்மாவும்தான் காலைப் பிடித்து இழுத்தோம். கை நடுங்கவில்லை. நர்சிங்குக்கும் போடலாம். இன்னொரு வருஷம் நீட் படிப்பதா என்பதை நீட் ரிசல்ட் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம், இப்போது யார் கேட்டாலும் வாய் திறக்கக் கூடாது.

திருகாணி கிடைக்கவில்லை. தூர்ந்துபோகாமல் இருக்க அம்மா வேப்பங்குச்சி ஒடித்துக் காதில் செருகிவிட்டாள்.