ராக்கியை ஆறு வாரம் வைத்துக்கொள்வது பற்றி

அன்புள்ள மாலா,

போனில் சொன்னால் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன், கடைசியில் "சரி, பார்த்துக்கலாம்" என்று முடிந்துவிடும். இந்த விஷயம் அப்படி முடியக் கூடாது என்பதால் எழுதுகிறேன். நீங்கள் மெல்போர்னில் இருக்கும் ஆறு வாரமும் ராக்கியை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள என்னால் முடியாது. வீட்டில் இவரோடும் பேசினேன். இரண்டு மூன்று நாள் யோசித்துத்தான் சொல்கிறேன்.

காவ்யாவுக்கு முதல் பிரசவம். நீ கூட இருந்தே ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை. ராக்கியைக் கூடவே அழைத்துப்போகவும் வழியில்லை, இந்தியாவிலிருந்து நேராக வரும் நாய்களை ஆஸ்திரேலியா உள்ளேயே விடுவதில்லை. ஆக, யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒருவராக முதலில் என்னை நினைத்தாயே, அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

முக்கியமான காரணம் அத்தை. நான் காலை ஏழரைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினால் திரும்ப ஐந்து மணி ஆகிவிடும். இவர் வர எட்டு. பிள்ளை ஹாஸ்டலில். ராக்கி இங்கே வந்தால் வாரத்தில் ஐந்து நாள் பகல் முழுக்க அவனும் அத்தையும் மட்டும்தான் வீட்டில் இருப்பார்கள். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது, வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் கதவுத் தாழ்ப்பாளில் கை லேசாக உரசியதற்கே ரத்தம் நிற்க வெகு நேரம் ஆனது, துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

ராக்கி கெட்டவன் இல்லை. அவனைப் போலச் சாதுவான நாயை நான் பார்த்ததில்லை. ஆனால் அவன் படுக்கும் இடத்தைக் கவனித்திருக்கிறாயா? இரண்டு அறைக்கு நடுவே நிலைப்படியில் குறுக்காகப் படுப்பான், வீட்டில் யார் எங்கே போனாலும் தனக்குத் தெரிய வேண்டும் என்பதுபோல. நீங்கள் பழக்கத்தில் தாண்டிப் போய்விடுவீர்கள். வாக்கரைத் தூக்கி முப்பத்திரண்டு கிலோ லாப்ரடாரைத் தாண்ட அத்தையால் முடியாது. அவர் "எந்திரி ராஜா" என்று சொல்ல, அவனும் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து மேலே சாய்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு வகுப்பில் பாடம் நடத்த வராது.

இன்னொன்று, எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. உங்கள் வீடு தரைத்தளம், கதவைத் திறந்தால் கொல்லை, அவனே போய்விட்டு அவனே வந்துவிடுவான். இங்கே ஒவ்வொரு முறையும் மூன்று மாடி இறங்கி ஏற வேண்டும், ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று தடவை. இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறது, படி ஏற விடாதீர்கள், எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னதை நீதானே என்னிடம் சொன்னாய்? ஒன்பது வயதில் அவனுக்கு இந்தப் படிக்கட்டு பெரிய தண்டனை. ஒரு நாள் நடு மாடியில் உட்கார்ந்துகொண்டு எழமாட்டேன் என்றால் அவனைத் தூக்க நானும் இவரும் போதாது.

தீபாவளி வேறு நடுவில் வருகிறது. போன தீபாவளிக்கு மறுநாள் உன் வீட்டுக்கு வந்தபோது அந்தக் குளியலறைக் கதவின் கீழ்ப்பகுதியைப் பார்த்தேன், பிளைவுட் சிராய் சிராயாகப் பெயர்ந்திருந்தது. சொந்த வீட்டில், நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அந்தப் பாடு. எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் அடுக்குமாடி, ஒரு சரம் வெடித்தால் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வரும். பழகாத வீட்டில், நீங்களும் இல்லாமல், அவன் அதை எப்படித் தாங்குவான்? பயந்து ஓடும் நாய் எங்கே நுழையும், எதன் மேல் ஏறும் என்று சொல்ல முடியாது. எங்கள் பால்கனிக்குக் கம்பி இடுப்பளவுதான்.

அப்புறம் மழை. ஐப்பசி கார்த்திகையில் எங்கள் தெரு எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும், சாக்கடைத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் ஒன்றாக நிற்கும். அதில்தான் அவனை நடத்திக் கூட்டிப்போக வேண்டும். முனையில் இருக்கும் தெருநாய்கள் புது நாயைக் கண்டால் சும்மா விடாது. இவன் சாது என்றாலும் இழுத்தால் என் கை தாங்காது.

உடம்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் உண்ணிக் காய்ச்சல் வந்தபோது அவன் சோறு வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும், ஈறு வெளுத்திருந்ததையும் நீ ஒரே பார்வையில் கண்டுபிடித்தாய். தட்டணுக்கள் குறைந்துபோய், நாலு வாரம் மாத்திரை கொடுத்துத் தேற்றினாய். எனக்கு அந்தக் கண் இல்லை. அவன் சாப்பிடாவிட்டால் உன்னை நினைத்து ஏங்குகிறான் என்று நினைத்து இரண்டு நாளைக் கடத்திவிடுவேன். சந்தேகம் வந்தால் உன்னைக் கேட்கலாம் என்பாய். இங்கே இரவு பத்து மணி என்றால் அங்கே விடிகாலை மூன்றரை. நீ பச்சைக் குழந்தையோடு விழித்திருப்பாயோ, கொஞ்சம் கண் அசந்திருப்பாயோ, அப்போது எழுப்பி இதைக் கேட்க எனக்கு மனம் வராது.

அசோசியேஷன் செயலாளர் முணுமுணுப்பார்தான். அதைச் சாக்காகச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் குடியிருப்பில் நாய் வளர்க்கக் கூடாது என்று சங்கம் தடை போட முடியாது என்று விலங்குகள் நல வாரியமே 2015ல் சொல்லியிருக்கிறது, நீயும் அதை எடுத்துக் காட்டியிருப்பாய். காரணம் அவர் இல்லை, எங்கள் வீட்டு நிலைமை.

"ஆறு வாரம் வேண்டாம், தீபாவளி முடிந்து மூன்று வாரம் மட்டும்" என்று கேட்பாயோ என்றும் யோசித்தேன். அதற்கும் இதே பதில்தான். அத்தையும் படிக்கட்டும் மூன்று வாரத்துக்கும் அப்படியேதான் இருக்கும். செலவுக்குப் பணம் தருவதாகச் சொன்னாய், அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், இதை அத்தையிடம் கேட்டுவிடாதே. அவருக்கு ராக்கி என்றால் உயிர். "வரட்டும்டி, எனக்கும் பேச்சுத் துணை" என்று உடனே சொல்லிவிடுவார், அப்புறம் மறுத்த கெட்ட பெயர் எனக்குத்தான் வரும்.

நீ கிளம்ப இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதனால்தான் இப்போதே சொல்கிறேன். எனக்குத் தோன்றுவது, ராக்கியை வீட்டை விட்டே நகர்த்த வேண்டாம். செல்வி எப்படியும் காலையில் வருகிறாள், அவன் அவள் கையால் சாப்பிடுகிறான். மாலையிலும் ஒரு வேளை வரச் சொல்லி அதற்குத் தனியாகச் சம்பளம் பேசு. இரவுக்கு உன் அண்ணன் பையன் கார்த்தியைக் கேள். தாம்பரத்தில் நாலு பேரோடு ஒரு அறையில் முட்டிக்கொண்டு கிடக்கிறான், உன் வீட்டில் ஏசியும் வைஃபையும் இருக்கிறது என்றால் இரண்டாம் பேச்சு பேசமாட்டான். ஆனால் தீபாவளிக்கு ஊருக்குப் போவானா என்று முதலிலேயே கேட்டுக்கொள். அந்த ஒரு ராத்திரி போவதாக இருந்தால் நானும் இவரும் அங்கே வந்து படுத்துக்கொள்கிறோம். அத்தையோடு நாத்தனார் இருப்பாள், அவளிடம் பேசிவிட்டேன்.

கார்த்தி தோதுப்படாவிட்டால் போர்டிங்தான். ஈசிஆர் பக்கம் சில இடங்கள் இருக்கின்றன. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களும் அங்கேதான் விடுவார்கள் என்பதால் சீக்கிரம் நிரம்பிவிடும். ரேபிஸ் ஊசிச் சீட்டு உன்னிடம் இருக்கும். கென்னல் காஃப் ஊசியும் கேட்பார்கள், அவன் இதுவரை எங்கேயும் தங்கினதில்லை என்பதால் அதைப் போட்டிருக்கமாட்டாய். எப்போது போட வேண்டும் என்று டாக்டரைக் கேட்டுக்கொள், கிளம்பும் முதல் நாள் ஓடாதே. முதலில் இரண்டு நாள் விட்டுப் பார், சாப்பிடுகிறானா, இரவில் எங்கே படுக்க வைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இடம் பார்க்கப் போகும்போது சொல், நானும் வருகிறேன். கூண்டு வரிசையை மட்டும் காட்டிவிட்டு இரவில் யார் இருப்பார்கள் என்று சொல்லாத இடம் வேண்டாம்.

நான் செய்யக்கூடியது இது. அவன் எங்கே இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலை போய்ப் பார்த்து, உடம்பைத் தடவி உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உனக்குப் படம் அனுப்புகிறேன். உங்கள் வீட்டிலேயே இருந்தால் வாரத்தில் ஒரு மாலையும் வருகிறேன். தினமும் வருவேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் இவ்வளவுக்குத் தவறமாட்டேன். டாக்டரிடம் அவசரத்துக்கு என் நம்பரைக் கொடு. நள்ளிரவானாலும் இவர் வண்டியை எடுப்பார், வேப்பேரி வரை போக வேண்டியிருந்தாலும் போவோம். எந்தச் சிகிச்சைக்கு நாங்களே சரி சொல்லலாம், எதற்கு உன்னைக் கேட்டே ஆக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு. மூட்டு மாத்திரையின் பெயரும் அளவும் அதிலேயே இருக்கட்டும்.

படித்ததும் உனக்குக் கோபம் வரலாம். வந்தால் இரண்டு நாள் கழித்துக் கூப்பிடு, நான் தப்பாக நினைக்கமாட்டேன். வராவிட்டால் சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் வீட்டில் இரு, வருகிறேன். கார்த்தியையும் அந்த நேரத்துக்கு வரச் சொல். அவனுக்கு நாய் முடி ஒத்துக்குமா என்று முதலில் கேட்டுவிடு, சின்ன வயதில் அவனுக்கு மூக்கடைப்பு உண்டு என்று நீ சொன்ன ஞாபகம்.

காவ்யாவுக்கு அத்தை பிரசவ லேகியம் கிண்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கொண்டுபோக அங்கே விடுவார்களா என்று பார்த்துச் சொல், இல்லையென்றால் வீணாக வேண்டாம்.

அன்புடன்,
சித்ரா