முன்பே தந்த ஆவணங்களை மீண்டும் கேட்டு வந்த கடிதத்துக்குப் பதில்: தேதிவாரி அட்டவணையுடன்

நாள்: 25.07.2025

அனுப்புநர்
உரிமையாளர், பிவிசி பைப் மொத்த விற்பனைக் கடை
(ஜிஎஸ்டி எண் கீழே முத்திரையில் உள்ளது)

பெறுநர்
மாநில வரி அலுவலர் அவர்கள், வணிகவரித் துறை

பொருள்: 2021-22 நிதியாண்டு – ரிட்டர்ன் ஆய்வு – ரூ.1,47,600 உள்ளீட்டு வரி வரவு – ஆவணங்கள் கேட்டது – பதில்.

பார்வை: 1. ASMT-10 அறிவிப்பு, நாள் 12.02.2025. 2. தங்கள் கடிதம், நாள் 18.07.2025.

ஐயா,

வணக்கம். இந்தக் கோப்பு இப்போது தங்கள் பொறுப்புக்கு வந்திருப்பதைப் பார்வை 2-இல் உள்ள கடிதம் மூலம் அறிந்தேன். அதில் ஏழு வகை ஆவணங்களைக் கேட்டிருக்கிறீர்கள். ஆறு வகை ஏற்கெனவே தங்கள் அலுவலகத்தில் தரப்பட்டவை. ஏழாவது மட்டும் புதியது. அதை இத்துடன் இணைத்துள்ளேன்.

புதிதாகப் பார்ப்பவருக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 செப்டம்பர் முதல் 2022 ஜனவரி வரை ஒரே சப்ளையரிடம் ஆறு லோடு பைப் வாங்கினேன். மதிப்பு ரூ.8,20,000, அதற்கு 18 சதவீத வரி ரூ.1,47,600. அந்தச் சப்ளையரின் பதிவு 2024-இல் ரத்தாகி, அந்த ரத்து 2021 ஜூலையிலிருந்தே செல்லும் என்று ஆனது. அதனால் சரக்கு உண்மையில் வந்ததா என்பதே கேள்வி. நான் வாங்கிய நாட்களில் அவருடைய பதிவு போர்ட்டலில் செயலில் இருந்தது. ஆறு பில்லும் என் GSTR-2B-இல் வந்திருக்கின்றன. சரக்கு வந்ததை நிரூபிக்கும் பொறுப்பு என்னுடையது என்று பிரிவு 155 சொல்வதை அறிவேன். அதற்காகத்தான் ஒவ்வொரு முறையும் கேட்டதை எல்லாம் கொடுத்து வந்தேன்.

இதுவரை தந்தவை கீழே. பக்க எண்கள் நான் மையில் தொடர்ச்சியாக இட்டவை. தங்கள் கோப்பிலும் அதே எண்களே இருக்கும்.

07.03.2025 – ASMT-11 பதிலுடன் போர்ட்டலிலும், அச்சிட்டு நேரிலும் தந்தது. பக்கம் 1-2 விளக்கக் கடிதம், 3-8 ஆறு பில்கள், 9-16 GSTR-2B, 17-26 வங்கிக் கணக்கு அறிக்கை (ரூ.9,67,600 முழுவதும் வங்கி வழியாக, ஒவ்வொரு பில்லுக்கும் 180 நாளுக்குள் செலுத்தியது), 27-38 கொள்முதல் பேரேடு. போர்ட்டல் ஒப்புகை: இணைப்பு 1.

21.04.2025 – முந்தைய அலுவலர் 02.04.2025 அன்று கூடுதலாகக் கேட்டதற்கு நேரில் தந்தது. பக்கம் 39-44 இ-வே பில்கள் ஆறு. 45-49 லாரி ரசீதுகள் ஐந்து. 50-71 இருப்புப் பதிவேடு. அலுவலக முத்திரையுள்ள நகல்: இணைப்பு 2.

15.05.2025 – நேர்முக விசாரணை. பில்களின் அசலைக் காட்டினேன். ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பித் தந்தார்கள். புதிதாக எதுவும் தரவில்லை.

29.05.2025 – விசாரணையில் கேட்டவை. பக்கம் 72-77 இறக்குக் கூலி வவுச்சர் ஆறு. 78-84 குடோன் வாடகை ஒப்பந்தம். முத்திரையுள்ள நகல்: இணைப்பு 3.

25.07.2025 – இன்று தருவது. பக்கம் 85-93: அந்தப் பைப்புகளை 2022 ஏப்ரல் முதல் ஜூன் வரை விற்ற பில்கள். தங்கள் பட்டியலில் ஏழாவதாக உள்ளது இதுதான்.

லாரி ரசீது ஆறு கேட்டிருக்கிறீர்கள், தந்தது ஐந்துதான். மூன்றாவது லோடு சப்ளையரின் சொந்த வண்டியில் வந்ததால் அதற்கு ரசீதே போடவில்லை. அந்த வண்டி எண் பக்கம் 41-இல் உள்ள இ-வே பில்லில் இருக்கிறது. இதை 21.04.2025 கடிதத்திலும் எழுதியிருந்தேன்.

அசல்கள் அனைத்தும் கடையில் பத்திரமாக உள்ளன. தங்கள் கோப்பில் மேற்சொன்ன பக்கங்களில் எது இல்லையோ, அதன் எண்ணை மட்டும் எழுத்தில் தெரிவித்தால் மறுநாளே நகலுடன் வருகிறேன். 84 பக்கத்தையும் மறுபடி புதிய தொகுப்பாகக் கொடுத்தால், ஒரே ஆவணம் கோப்பில் இரண்டு இடத்தில் வெவ்வேறு எண்ணோடு இருக்கும். பின்னால் எதை வைத்துப் பேசுவது என்ற குழப்பம் வரும். ஆகவே இந்தக் கடிதத்தையே தங்கள் 18.07.2025 கடிதத்துக்கான முழுப் பதிலாகக் கோப்பில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செல்லாது என்று கருதும் நிலை வந்தால், முடிவெடுக்கும் முன் என்னை நேரில் கேட்க வேண்டும். 15.05.2025 விசாரணையில் நான் சொன்னபோது இந்தக் கோப்பு தங்கள் பொறுப்பில் இல்லை என்பதால் இதைத் தனியாகவே வேண்டுகிறேன். தாங்கள் சொல்லும் நாளில் அசல் பதிவேடுகளோடு வருகிறேன்.

இக்கடிதத்தின் இரண்டாம் பிரதியில் பெற்ற தேதியும் முத்திரையும் இட்டுத் தரவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம், கடை முத்திரை)

இணைப்பு: 1, 2, 3 ஒப்புகை நகல்கள், பக்கம் 85-93.