பான் பதிவில் பெயரின் எழுத்துப் பிழையைத் திருத்தக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
வி. எழிலரசி,
க/பெ. (மறைந்த) கல்யாணசுந்தரம்,
சன்னதி தெரு, திருபுவனம்,
திருவிடைமருதூர் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
வருமான வரி அலுவலர் அவர்கள்,
வருமான வரி அலுவலகம்,
கும்பகோணம் – 612 001.

நாள்: 18.08.2025

பொருள்: பான் தரவில் ELILARASI என்று உள்ள என் பெயரை, ஆதாரில் உள்ளபடி EZHILARASI என்று திருத்தி, ஆதார் – பான் இணைப்புக்கு வழி செய்யக் கோருதல்.

பார்வை: 1. இணைப்புக் கட்டணம் ரூ.1,000 செலுத்திய சலான், நாள் 13.05.2024.
2. பான் திருத்த விண்ணப்ப ஒப்புகை, நாள் 11.11.2024.
3. இணையவழிக் குறைதீர்ப்பு மனுவுக்கு வந்த பதில், நாள் 20.06.2025.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 64. திருபுவனத்தில் பட்டுத் தறி வேலை செய்யும் குடும்பம் எங்களுடையது. என் பான் அட்டை 2012-ஆம் ஆண்டு வாங்கியது. அதன் எண் 43K என்று முடியும். ஆதார் எண் 7716 என்று முடியும். இந்தக் கடிதம் பல கைகள் மாறிப் போகும் என்பதால் முழு எண்களை இதில் எழுதவில்லை. பான் எண் இணைப்பு 1, 2-இல் உள்ள நகல்களில் முழுமையாக இருக்கிறது; ஆதாரை நேரில் வரும்போது மூலத்தோடு காட்டுகிறேன்.

என் பெயர் எழிலரசி. அப்பா பெயர் விசுவநாதன். பான் தரவில் என் பெயர் இப்படி இருக்கிறது: VISWANATHAN ELILARASI. ஆதாரில் இப்படி: Ezhilarasi Viswanathan. பிறந்த தேதி, பாலினம், அப்பா பெயர் மூன்றும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கின்றன. வேறுபடுவது "ழ" என்ற ஓர் எழுத்து மட்டும்தான். பெயர் முன்னே வருவதா, அப்பா பெயர் முன்னே வருவதா என்பது அட்டையில் அச்சிடும் வரிசை. அதை நான் பிழையாகச் சொல்லவில்லை.

இந்தப் பிழை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2012-இல் விண்ணப்பப் படிவத்தை நான் நிரப்பவில்லை. படிவம் நிரப்பித் தரும் கடையில் ஒருவர் என் வாயால் பெயரைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினார். ழகரத்தை zh என்று எழுதுவோரும் உண்டு, l என்று எழுதுவோரும் உண்டு. நம் மாநிலத்தின் பெயரையே Tamil Nadu என்றுதான் எழுதுகிறோம். சென்னையில் கீழ்ப்பாக்கம் Kilpauk ஆகவும் சோழிங்கநல்லூர் Sholinganallur ஆகவும் இருக்கின்றன. அவரும் அந்த வழக்கப்படி l போட்டிருக்கிறார். எழுதியதை அவர் படித்துக் காட்டினார். காதால் கேட்டபோது சரியாகத்தான் இருந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கையெழுத்தைத் தாங்கள் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் எங்கும் தமிழில்தான் கையெழுத்திடுவேன். பழைய பான் அட்டையின் நகலில், ELILARASI என்று அச்சான அதே அட்டையில், "வி. எழிலரசி" என்று என் கையெழுத்து தெளிவாக இருக்கிறது. ழகரத்தின் சுழி மங்காமல் அச்சாகியிருக்கிறது. ஆதார் அட்டையில் தமிழில் அச்சிட்டிருக்கும் பெயரிலும், 1977-இல் நான் தேறிய எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழிலும் அதே எழுத்துதான். அந்தச் சான்றிதழில் ஆங்கிலத்திலும் V. EZHILARASI என்றே இருக்கிறது. ஆகவே இது நான் பிறகு மாற்றிக்கொண்ட பெயர் அல்ல. திருமணத்துக்குப் பிறகும் கணவர் பெயரை எந்த ஆவணத்திலும் சேர்த்துக்கொண்டதில்லை. ELILARASI என்று ஒருத்தி எங்கள் வீட்டில் இல்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் இந்த ஓரெழுத்தால் எந்தத் தொந்தரவும் வரவில்லை. என் கணவர் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். 2022 ஆகஸ்டில் காலமானார். அவருக்கு வர வேண்டிய வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் 2024 தொடக்கத்தில்தான் கைக்கு வந்தன. அதில் ரூ.11,00,000-ஐ 7.5 சதவீத வட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும்படி வங்கியில் போட்டேன். ஏப்ரல் மாதம் 15எச் படிவம் கொடுக்கப் போனபோதுதான், ஆதாரோடு இணைக்காததால் என் பான் செயலற்ற நிலையில் இருக்கிறது, படிவத்தை ஏற்க முடியாது என்று சொன்னார்கள். 2023 ஜூன் 30-க்குள் இணைத்திருக்க வேண்டும், ஜூலை 1 முதல் செயலற்றுப் போகும் என்ற விதி எனக்குத் தெரியாமல் போயிற்று. அது என் தவறு. அதற்கு விதித்த ரூ.1,000 கட்டணத்தை உடனே கட்டிவிட்டேன்.

கட்டிய பிறகு இணைக்க முயன்றால், பெயர் பொருந்தவில்லை என்று இணையதளம் நிராகரித்தது. அதன்பின் நான் செய்தவை:

ஆதாரில் "V" என்ற முதலெழுத்து மட்டுமே இருந்ததை, தபால் நிலைய ஆதார் மையத்தில் 2024 ஜூலையில் Viswanathan என்று விரித்துப் பதிந்தேன். நவம்பரில் பான் திருத்தத்துக்கு விண்ணப்பித்தேன். டிசம்பரில் EZHILARASI என்ற சரியான பெயரோடு புதிய அட்டை தபாலில் வந்தது. அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் 2025 ஜனவரியில் மறுபடி இணைக்க முயன்றபோதும் அதே நிராகரிப்புதான். வருமான வரி இணையதளத்தில் என் கணக்கில் உள்நுழைந்து பார்த்தால், சுயவிவரப் பக்கத்தில் இன்றைக்கும் ELILARASI என்றே காட்டுகிறது. அந்தப் பக்கத்தின் அச்சுப்படி இணைப்பு 6. கையில் இருக்கும் அட்டை திருந்திவிட்டது, துறையின் பதிவு திருந்தவில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

பெயர் பொருந்தாதவர்கள் பான் சேவை மையத்தில் கைரேகை வைத்து இணைக்கலாம் என்று சொன்னார்கள். பிப்ரவரியிலும் மார்ச்சிலுமாக இரண்டு முறை போனேன். பத்து விரலையும் வைத்துப் பார்த்தும் இயந்திரம் ஏற்கவில்லை. காரணம் என் தொழில். தறியில் ஒரு பாவு முடிந்ததும், பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியை இழை இழையாக விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஒரு சேலைப் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்குவோம். நாற்பது வருடம் அதைச் செய்த கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் ரேகை தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. ரேஷன் கடையிலும் எனக்குக் கண் கருவிழி வைத்துத்தான் பொருள் தருகிறார்கள். ஆகவே கைரேகை வழி எனக்கு உதவாது என்பதைத் தயவுகூர்ந்து கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

ஜூன் மாதம் இணையத்தில் குறைதீர்ப்பு மனு போட்டேன். என் மனு, எனக்குரிய மதிப்பீட்டு அதிகாரியை அணுகும்படியான பதிலோடு முடித்துவைக்கப்பட்டது. அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

இதனால் எனக்கு ஏற்பட்டுள்ள இழப்பு இது. 2024–25 நிதியாண்டில் வைப்புத்தொகைக்கு வந்த வட்டி ரூ.82,500. பான் செயலற்று இருந்ததால் 20 சதவீதம் பிடித்தார்கள்: ஒவ்வொரு காலாண்டிலும் ரூ.4,125, ஆக மொத்தம் ரூ.16,500. இந்த வட்டியும், கணவர் வழியில் வரும் சிறிய ஓய்வூதியமும், தறிக் கூலியும் சேர்ந்தாலும் என் ஆண்டு வருமானம் வரி கட்டும் அளவை எட்டாது. 15எச் ஏற்கப்பட்டிருந்தால் ஒரு ரூபாயும் பிடித்திருக்க மாட்டார்கள். நடப்பு நிதியாண்டில் மூத்த குடிமக்களின் வட்டிக்கான வரம்பு ரூ.1,00,000 ஆகிவிட்டதால் இப்போது பிடித்தம் இல்லை. ஆனால் சென்ற ஆண்டுப் பணம் அப்படியே நிற்கிறது. செப்டம்பர் 15-க்குள் கணக்குத் தாக்கல் செய்துவிடுவேன். இருந்தாலும் பான் செயலற்று இருக்கும் வரை திருப்பித் தர வேண்டிய தொகையைத் தர மாட்டார்கள், அந்தக் காலத்துக்கு வட்டியும் கிடையாது என்று விதி இருக்கிறது. ரூ.16,500 என்பது எங்கள் வீட்டில் நாலு மாத மளிகைச் செலவு.

ஆகவே தங்களிடம் நான் பணிவோடு கேட்டுக்கொள்வது:

முதலாவதாக, துறையின் பான் தரவில் என் பெயரை, கடைசிப் பெயர் VISWANATHAN, முதற்பெயர் EZHILARASI என்று திருத்தித் தர வேண்டும். பான் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. அதன் ஐந்தாம் எழுத்து கடைசிப் பெயரின் முதலெழுத்தைக் குறிக்கும் என்று சொன்னார்கள். அது V என்றே இருப்பதால் இந்தத் திருத்தத்தால் அதற்குப் பாதிப்பு இல்லை.

இந்தத் திருத்தத்தைத் தங்கள் அலுவலகத்திலிருந்தே நேரடியாகச் செய்ய இயலாது என்றால், பான் தரவைப் பராமரிக்கும் பிரிவுக்குத் தங்கள் பரிந்துரையோடு இந்த மனுவை அனுப்பி, அனுப்பிய விவரத்தை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். எந்த மேசையில் மனு இருக்கிறது என்று தெரிந்தால் நானே போய்க் கேட்டுக்கொள்வேன்.

திருத்தம் முடிந்ததும், 13.05.2024 அன்று நான் செலுத்திய ரூ.1,000-ஐயே கணக்கில் கொண்டு இணைப்பை நிறைவு செய்ய அனுமதிக்க வேண்டும். இரண்டாம் முறை கட்டணம் கட்டும் நிலையில் நான் இல்லை.

அசல் ஆவணங்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. எந்த நாளில் அழைத்தாலும் எடுத்துக்கொண்டு வருகிறேன்; திருபுவனத்திலிருந்து கும்பகோணம் பேருந்தில் சிறிது தூரம்தான். தங்கள் முன்னிலையில் தமிழில் கையெழுத்துப் போட்டுக் காட்டவும் தயாராக இருக்கிறேன். பழைய அட்டையில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் பேசும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை, ஆகையால் விசாரணையும் பதிலும் தமிழில் இருந்தால் பெரிதும் உதவியாக இருக்கும். கைப்பேசியில் அழைப்பதானால், இணையதளக் கணக்கில் பதிவாகியுள்ள எண் என் மகனுடையது; மாலை ஆறு மணிக்கு மேல் அவர் எடுப்பார்.

இந்த மனுவின் இரண்டாம் படியில் தங்கள் அலுவலக ஆயகர் சேவா கேந்திராவின் முத்திரையும் பதிவு எண்ணும் இட்டுத் தருமாறு வேண்டுகிறேன்.

மேலே சொன்னவை யாவும் நான் அறிந்தவரை உண்மை என்று உறுதி கூறுகிறேன். VISWANATHAN ELILARASI என்றும் EZHILARASI VISWANATHAN என்றும் ஆவணங்களில் குறிக்கப்படுபவர் நான் ஒருத்தியே. என் பெயரில் வேறு பான் எண் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வி. எழிலரசி

இடம்: திருபுவனம்

இணைப்புகள் (யாவும் நானே சான்றொப்பமிட்ட நகல்கள்):
1. 2012-ஆம் ஆண்டுப் பான் அட்டை (தமிழ்க் கையெழுத்துடன்)
2. 2024 டிசம்பரில் வந்த புதிய பான் அட்டை
3. ஆதார் அட்டை, முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்டது
4. 1977-ஆம் ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ்
5. ரூ.1,000 செலுத்திய சலான்
6. இணையதளச் சுயவிவரப் பக்கத்தின் அச்சுப்படி, 14.08.2025 அன்று எடுத்தது
7. பான் திருத்த விண்ணப்ப ஒப்புகை
8. குறைதீர்ப்பு மனுவும் பதிலும்
9. வங்கி தந்த 16ஏ படிவங்கள், நான்கு காலாண்டுகளுக்கும்
10. கைரேகை பதியவில்லை என்று பான் சேவை மையத்தில் எழுதித் தந்த சீட்டு (மார்ச் மாதத்தது, பிப்ரவரியில் சீட்டு தரவில்லை)